அரை நிமிட விளம்பரம், எட்டு மணி நேர ஒலிநூல்: எதற்கு எவ்வளவு கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 36. பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டிலிருந்தபடியே குரல் கொடுக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். படுக்கையறை மேசையில் ஒரு யுஎஸ்பி மைக், அதற்குப் பின்னால் சுவரில் நுரைப் பலகைகள்: இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. அனுப்பும் ஆடிஷன்களுக்குப் பெரும்பாலும் பதிலே வருவதில்லை. பதில் எழுதிய ஒருவர், "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் அறையும் சேர்ந்து கேட்கிறது" என்றார். கடன் வாங்கியாவது விலை கூடிய மைக் ஒன்று வாங்கிவிடலாமா?

இதற்கிடையில் இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, ஒரு பெயின்ட் நிறுவனத்துக்கு 30 வினாடி விளம்பரம். முழு வாசகத்தையும் பேசி அனுப்பச் சொல்கிறார்கள். பிடித்திருந்தால் ஒரு சிறு தொகை தருவார்களாம். "எல்லா ஊடகங்களுக்கும், காலவரையின்றி" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்னொன்று, 48,000 சொற்கள் கொண்ட நாவலை ஒலிநூலாக வாசிப்பது. எடிட்டிங்கும் என் பொறுப்பு. மொத்தத் தொகை, நான் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. விளம்பரம் அரை நிமிடம்தானே என்று ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது; நாவலுக்கு நல்ல தொகை என்றும் படுகிறது. இனிமேல் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்துக்கொள்ளலாமா?

— பெயர் வேண்டாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் அந்தக் கடன் யோசனையைத் தள்ளிவையுங்கள். உங்களுக்குப் பதில் எழுதியவர் மைக்கைக் குறை சொல்லவில்லை, அறையைச் சொன்னார். அதே அறையில் விலை கூடிய மைக்கை வைத்தால், அது அதே அறையை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்து கொடுக்கும். குரல் தேர்வுக்காக மாதிரிகளைக் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. சாதாரண மைக்கில், நல்ல அறையில் பேசியவர்களைத் தயங்காமல் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உயர்ந்த மைக்கில், குளியலறையில் பேசியதுபோல் அனுப்பியவர்களை முதல் வாக்கியத்திலேயே மூடியிருக்கிறேன்.

விலை பற்றிய உங்கள் கணிப்பு இரண்டு இடத்திலும் தலைகீழாக இருக்கிறது. சிறியது என்று நீங்கள் விட்டுக்கொடுக்கப் பார்க்கும் விளம்பரத்தில்தான் அதிகம் இழக்கப்போகிறீர்கள். பெரிய தொகை என்று தோன்றும் நாவலில், மணிக்கணக்குப் பார்த்தால், பள்ளியில் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இவற்றுக்கு வருவதற்கு முன் அறையை முடித்துவிடுவோம். அது சரியாகாமல் மற்ற எதுவும் சரியாகாது.

அறை ஏன் கேட்கிறது?

நுரைப் பலகைகளை மைக்கிற்குப் பின்னால் ஒட்டியிருக்கிறீர்கள். படங்களில் பார்க்கும் எல்லா வீட்டு ஸ்டுடியோக்களிலும் அப்படித்தான் இருக்கிறது, உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் குரல் பதிவுக்கு விற்கப்படும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தைக் குறைவாகக் கேட்கும். அதன் முன்பக்கம் உங்களைப் பார்க்கிறது. உங்களைத் தாண்டி, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. அந்த வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக மைக்கின் வாய்க்குள் போகிறது. மைக்கிற்குப் பின்னால் இருக்கும் நுரை இதைத் தடுக்காது. மறைக்க வேண்டிய சுவர் உங்கள் முதுகுப்புறத்தில் இருக்கிறது.

நுரைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. மெல்லிய நுரை ஒலியின் கூர்மையான, உயர்ந்த பகுதியை மட்டும்தான் உறிஞ்சும். பெண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையின் நீளம் 1.7 மீட்டர். இரண்டு விரல் கனமுள்ள நுரைக்கு இவ்வளவு நீண்ட அலை பிடிபடாது. உயர்ந்த பகுதி மட்டும் போய், கீழ்ப்பகுதி அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. நுரை ஒட்டிய பிறகு குரல் இன்னும் மந்தமாகிவிட்டதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது. துணிகள் நிறைந்த அலமாரி இருந்தால் அதன் கதவுகளைத் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். இல்லையென்றால் கனமான போர்வைகளை இரண்டு மடிப்பாக ஒரு கம்பியில் தொங்கவிட்டு முதுகுக்குப் பின்னாலும் இரு பக்கங்களிலும் நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால், அதே போர்வை இன்னும் தாழ்ந்த ஒலிவரை உறிஞ்சும். மேசைமேல் தடித்த துண்டை விரியுங்கள். வாய்க்கும் மைக்கிற்கும் நடுவே கிடக்கும் வெறும் பலகையும் ஒரு சுவர்தான். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் ‘ப’வும் ‘ப்ப’வும் காற்றாக மோதாது. பிறகு கையை ஒருமுறை தட்டிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். தட்டிய பின் ஒரு சிறு ரீங்காரம் வால்போல் நீண்டால் இன்னும் போர்வை வேண்டும். தட்டல் ‘டப்’ என்று அங்கேயே நின்றுவிட்டால் போதும்.

எதிரொலி ஒரு குறை, வெளி இரைச்சல் வேறொரு குறை. போர்வையும் நுரையும் தெருச் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும்தான் வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. ஆகவே நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. மின்விசிறி, குளிர்சாதனம், குளிர்பெட்டி ஆகியவற்றின் சத்தம் காதுக்குப் பழகிப்போனதால் நமக்குத் தெரிவதில்லை; மைக்கிற்குத் தெரியும். மடிக்கணினியை மைக்கிலிருந்து கம்பி நீளும் தூரம் தள்ளி, முடிந்தால் கதவுக்கு வெளியே வையுங்கள்.

போதுமான அமைதி எது என்பதற்கு எழுத்தில் உள்ள அளவுகள் இருக்கின்றன. ஒலிநூல்களுக்காக ஆடிபிள் நிறுவனம் நடத்தும் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது இது: குரலின் சராசரி அளவு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள், உச்சம் மைனஸ் 3 டெசிபலுக்குக் கீழ், பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழ். இந்த அளவில் பூஜ்யம்தான் உச்சம்; மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட ஒலி குறைவு. நீங்கள் அந்தத் தளத்துக்கு வேலை செய்யாவிட்டாலும் இந்த அளவுகளை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து `Analyze` பட்டியலில் `Measure RMS` என்பதை அழுத்தினால் எண் வரும்.

இதில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பேசாமல் பத்து வினாடி பதிவு செய்து அளக்கிறீர்கள்; மைனஸ் 66 என்று வருகிறது. தேறிவிட்டோம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அதே அமைப்பில் உங்கள் குரலின் சராசரி மைனஸ் 32 என்று வைத்துக்கொள்வோம். கேட்கத்தக்க மைனஸ் 20க்கு அதைக் கொண்டுவர 12 டெசிபல் உயர்த்த வேண்டும். உயர்த்தும்போது குரலோடு இரைச்சலும் 12 ஏறி மைனஸ் 54 ஆகிவிடும். தேறவில்லை. ஆகவே குரலை இறுதி அளவுக்கு உயர்த்திய பிறகுதான் இரைச்சலை அளக்க வேண்டும். பதிவு செய்யும்போதே உரத்த சொற்கள் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் தொடுமாறு மைக்கின் அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் நீக்கும் கருவியைக் கொண்டு பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதை அழுத்திப் பயன்படுத்தினால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோலாகும். அதைவிட மோசம், சொல்லின் இறுதியில் மெலிந்து முடியும் மெய்களை அது இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். ‘நாள்’, ‘நாழி’, ‘நால்வர்’ ஆகியவற்றை இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்கு உச்சரித்துக் காட்டிய உங்களுக்கு, அந்த ‘ள்’ பாதியில் அறுபடுவதைக் கேட்கப் பொறுக்காது.

இவ்வளவும் செய்து, இரைச்சல் எண் குறையாமல், அமைதியான நேரத்திலும் மைக்கிலிருந்தே ‘ஸ்ஸ்’ என்ற ஒலி வந்தால் மட்டும் மைக்கை மாற்றுவது பற்றி யோசியுங்கள். அப்போதும் கடன் வேண்டாம். முதல் வேலையின் முன்பணம் போதும்.

ஆடிஷனில் எவ்வளவு கொடுப்பது?

பதில் வராததைத் தகுதிக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்ந்தெடுக்கப்படாதவர்களுக்கு எழுதும் வழக்கம் இந்தத் தொழிலில் அநேகமாக இல்லை. மாதிரிகளைக் கேட்பவர் வரிசையாக ஒவ்வொன்றாகத் திறந்து, சில வினாடிகளில் அடுத்ததற்குப் போய்விடுகிறார். அதனால் உங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நேரே வாசகத்துக்குள் போங்கள். வணக்கம், அனுபவம், நன்றி எதுவும் வேண்டாம். பின்னணி இசை சேர்க்காதீர்கள். எதை மறைக்கிறார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். ஒரே வாசகத்தை இரண்டு டேக் கொடுங்கள், ஆனால் இரண்டும் உண்மையில் வேறாக இருக்கட்டும். பெயின்ட் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். "மழை வந்தாலும் சுவர் அப்படியே இருக்கும்" என்பதுபோல் ஒரு வரி இருந்தால், முதல் டேக்கில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாதாரணமாகச் சொல்லுங்கள். இரண்டாவதில் ‘அப்படியே’ என்ற சொல்லில் மட்டும் நின்று, நம்பிக்கையோடு சொல்லுங்கள். ஒரே தொனியைச் சற்று வேகமாகப் பேசியது இரண்டாவது டேக் ஆகாது. வகுப்பறையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: ஒவ்வொரு சொல்லையும் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்லும் பழக்கம் மைக்கின் முன் அறிவுரைபோல் ஒலிக்கும். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசினால் போதும்.

முழு 30 வினாடி வாசகத்தையும் கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் முழு வாசகத்தையும் சுத்தமாகப் பதிவு செய்து அனுப்பினால், அது அப்படியே ஒளிபரப்பத் தக்க பொருள். பணம் பேசாமல் அதைக் கைமாற்றக் கூடாது. 15 முதல் 20 வினாடி வரையான பகுதியைக் கொடுங்கள். முழுவதும் கேட்டே ஆக வேண்டும் என்றால் நிறுவனத்தின் பெயர் வரும் இடத்தில் வேறொரு பெயரைச் சொல்லுங்கள், அல்லது தொலைபேசி எண்ணை விட்டுவிடுங்கள். குரலை மதிப்பிட அதுவே தாராளம். விளம்பரமாக ஓட்ட மட்டும் உதவாது. காரணத்தை நீங்கள் விளக்கவும் தேவையில்லை. இந்த வழக்கம் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆடிஷனுக்கே பணம் கட்டச் சொன்னால் பதில் எழுதாமல் விலகிவிடுங்கள்.

விளம்பரத்தில் நீங்கள் விற்பது எதை?

நிமிடத்துக்கு ஒரே விலை என்ற உங்கள் எண்ணம் உடையும் இடம் இதுதான். விளம்பரத்தில் உங்கள் உழைப்பு ஒரு மணி நேரம்கூட இருக்காது. நிறுவனம் வாங்குவது அந்த ஒரு மணி நேரத்தை அல்ல. உங்கள் குரல் தன் பொருளுக்காக எங்கே, எத்தனை நாள் ஒலிக்கலாம் என்ற உரிமையைத்தான். வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவதுபோல் அது காலக்கெடு உள்ளதாக இருக்க வேண்டும். ஆகவே கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஒன்று, பதிவுக் கட்டணம்: மைக்கின் முன் உட்கார்ந்து பேசி, கோப்பை அனுப்புவதற்கு. இரண்டாவது, பயன்பாட்டுக் கட்டணம். இது மூன்று கேள்விகளின் விடையைப் பொறுத்தது: எந்த ஊடகம், எந்தப் பரப்பு, எவ்வளவு காலம்.

"எல்லா ஊடகங்களுக்கும், காலவரையின்றி" என்ற வரி இந்த மூன்று கேள்விகளையும் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. அதை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இன்று சமூக ஊடகத்தில் ஒரு சிறு காணொளிக்காகப் பேசுகிறீர்கள். அடுத்த ஆண்டு அதே குரல் தொலைக்காட்சிக்குப் போகிறது. 30 வினாடியை வெட்டி 15 வினாடி, 10 வினாடி என்று மேலும் இரண்டு விளம்பரங்கள் பிறக்கின்றன. எதற்கும் உங்களுக்குத் தனியாக ஒன்றும் வராது. அதுகூடப் பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் வேறொரு பெயின்ட் நிறுவனம் நல்ல தொகையோடு உங்களைத் தேடி வருகிறது. முதல் நிறுவனத்தின் விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், இவர்கள் பின்வாங்குகிறார்கள். இப்படி ஒரு துறையே உங்களுக்கு மூடிக்கொள்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் பயன்பாட்டுக் கட்டணம்.

தொகையை எப்படிக் கட்டுவது? உங்கள் பதிவுக் கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, இணையத்தில் மட்டும் ஓராண்டுக்கு இன்னும் ஒரு பங்கு, தொலைக்காட்சியும் சேர்ந்தால் மேலும் இரண்டு பங்கு என்று தொடங்கலாம். இது எங்கும் எழுதிய சட்டமல்ல. பேச்சுவார்த்தைக்கு நான் பரிந்துரைக்கும் தொடக்கப்புள்ளி. ஓராண்டு முடிந்தபின் மீண்டும் பயன்படுத்த விரும்பினால் அதே பயன்பாட்டுக் கட்டணத்தை மறுபடி தர வேண்டும். நிறுவனம் சிறியது, பணம் இல்லை என்று சொன்னால் தொகையைக் குறைக்காதீர்கள், உரிமையைக் குறையுங்கள். ஓராண்டுக்குப் பதில் மூன்று மாதம், எல்லா ஊடகங்களுக்கும் பதில் ஒரே ஊடகம். தொகையை ஒருமுறை குறைத்தால் அடுத்த முறை அதிலிருந்துதான் பேச்சு தொடங்கும்.

ஓர் அலுவலகத்துக்குள் மட்டும் ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டும் பயிற்சிக் காணொளி போன்றவற்றுக்குப் பயன்பாட்டுக் கட்டணம் கேட்பது வழக்கமில்லை. பொதுமக்களிடம் பொருளை விற்க ஒலிக்கும் குரலுக்குத்தான் இது.

அவர்களுக்கு இப்படி எழுதலாம்:

"வாசகம் படித்தேன், பேச விருப்பம். என் கட்டணம் இரண்டு பகுதியாக இருக்கும்: பதிவுக்கு இவ்வளவு, இணையத்தில் ஓராண்டுப் பயன்பாட்டுக்கு இவ்வளவு. தொலைக்காட்சியிலோ வானொலியிலோ பயன்படுத்துவதாக இருந்தாலும், வேறு நீளத்துக்கு வெட்டிப் பயன்படுத்துவதாக இருந்தாலும் தெரிவியுங்கள், அதற்கான தொகையைச் சொல்கிறேன். வாசிப்பின் தொனியை மாற்ற ஒருமுறை கூடுதல் கட்டணமின்றிப் பேசித் தருவேன். வாசகமே மாறினால் புதிய பதிவாகக் கணக்கிடுவேன். கோப்பு கிடைத்த 30 நாள்களுக்குள் தொகை வர வேண்டும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். பல ஒப்பந்தங்களில் "விளம்பரம் வெளியானபின்" பணம் என்று இருக்கும். வெளியாவதும் ஆகாததும் உங்கள் கையில் இல்லை. விளம்பரம் கைவிடப்பட்டால் உங்கள் பணமும் அதோடு போகும். நீங்கள் கோப்பை ஒப்படைத்த நாளிலிருந்துதான் கெடு ஓட வேண்டும்.

அவர்கள் மறுத்தால்? மறுக்கவும் கூடும். "காலவரையின்றி" என்பதை எடுக்கவே மாட்டோம் என்றால், அது சாதாரண ஓராண்டு விலையில் கிடைக்காது என்று சொல்லுங்கள். அப்போதும் அந்தச் சிறு தொகைதான் என்றால், உங்கள் முதல் விளம்பரம் என்ற ஆசைக்காக ஏற்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால், பெயின்ட்போல் பல நிறுவனங்கள் போட்டியிடும் துறையில் ஏற்க மாட்டேன்.

நாவலுக்குக் கணக்கு வேறு

ஒலிநூலில் யாரும் உங்கள் குரலைத் தெருவெல்லாம் ஒலிக்கவிடப் போவதில்லை. இங்கே விற்பது உழைப்பைத்தான். ஆனால் உழைப்பை மொத்தத் தொகையாகப் பேசினால் கண்ணை மறைக்கும். இந்தத் தொழிலில் வழங்கும் அலகு ‘முடிந்த மணி நேரம்’: எல்லாம் வெட்டித் திருத்திய பிறகு கேட்பவர் காதில் ஓடும் ஒரு மணி நேரம்.

ஆங்கில ஒலிநூலுக்கு ஒரு மணிக்கு ஏறத்தாழ 9,300 சொற்கள் என்ற கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கொண்டு தமிழ் நூலை அளக்காதீர்கள். நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்பவை. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ என்பது இங்கே ஒரே சொல். நீங்களே அளந்துகொள்ளுங்கள். அந்த நாவலில் உரையாடல் மிகுந்த ஒரு பகுதி, வருணனை மிகுந்த ஒரு பகுதி என்று எடுத்து, கேட்பவருக்கு வாசிக்கும் வேகத்திலேயே பத்து நிமிடம் வாசித்து, சொற்களை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 100 சொற்கள் வந்தது என்று வைத்துக்கொண்டால், 48,000 சொற்களுக்கு 480 நிமிடம், அதாவது முடிந்த எட்டு மணி நேரம்.

இனி அந்த எட்டு மணிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். நாவலை ஒருமுறை முழுக்கப் படித்து, பாத்திரங்களின் பேச்சு, ஊர்ப் பெயர்கள், ஐயமுள்ள உச்சரிப்புகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள எட்டு மணி நேரம். தொடக்க நிலையில் ஒரு மணிப் பதிவுக்கு மைக்கின் முன் மூன்று மணி நேரம் ஆகும், ஆக 24. எடிட்டிங்குக்கும் அதே அளவு, இன்னொரு 24. பிறகு நூலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேட்டுச் சரிபார்க்க எட்டு மணி நேரம், கண்டுபிடித்த பிழைகளை மீண்டும் பேசி ஒட்ட ஆறு. கூட்டினால் 70 மணி நேரம். பழகியவர்கள் முடிந்த ஒரு மணிக்கு மொத்தம் ஆறு மணி நேரம் போலச் செலவிடுகிறார்கள்; முதல் நூலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் பள்ளியில் நாளுக்கு எட்டு மணி நேரமாக மாதம் 22 நாள் வேலை பார்த்திருந்தால் 176 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்குச் சம்பளம் என்பது ஏறத்தாழ 59 மணி நேரத்துக்கான கூலி. நாவலுக்கு வேண்டியது 70. மின்கட்டணம், கருவித் தேய்மானம், வேலையில்லாத வாரங்கள் எதுவும் இதில் சேரவில்லை. பள்ளிச் சம்பளத்தை எட்டுவதற்கே ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கேட்க வேண்டும். தனியாகத் தொழில் செய்பவர் என்ற முறையில் சம்பளத்தில் பாதி கேட்பது நியாயம். அதை எட்டால் வகுத்து, முடிந்த ஒரு மணிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். நாவல் ஒன்பது மணி நேரமாக நீண்டாலும் அப்போது உங்களுக்கு இழப்பில்லை.

பதிப்பகத்தார் தொகையைக் கூட்ட முடியாது என்றால் இன்னொரு கதவு இருக்கிறது. எடிட்டிங்கை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். 70இல் 24 போனால் 46 மணி நேரம். அதற்கு 59 மணி நேரக் கூலி என்பது நல்ல பேரம். உங்கள் நிலையில் எனக்கு இதுதான் பிடிக்கிறது. முதல் நூலில் வாசிப்பைக் கற்றுக்கொள்வதே பெரிய வேலை. எடிட்டிங்கையும் சேர்த்துச் சுமந்தால் இரண்டும் அரைகுறையாகும். ஒப்படைக்கும் பதிவு ஒழுங்காக இருக்க, தவறிய இடத்தில் நிறுத்தி, சில வினாடி பின்னால் போய், முன்பு பேசியதைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் தொடரும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் அதன் பெயர் `Punch and Roll Record`. நாளின் முடிவில் உங்களிடம் தவறுகள் குவிந்த கோப்பு இருக்காது, ஏறக்குறைய சுத்தமான கோப்பு இருக்கும்.

கெடு பேசும்போது குரலின் தாங்குதிறனையும் கணக்கில் கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் மைக்கின் முன் உட்கார்ந்தால், கடைசி ஒரு மணி நேரத்தில் குரல் கனத்துவிடும். அடுத்த நாள் தொடங்கும் அத்தியாயத்தோடு ஒட்டாது. 24 மணி நேரப் பதிவுக்கு எட்டு நாள்கள். சளி, அக்கம்பக்கத்துச் சத்தம், திருத்தங்கள் எல்லாம் சேர்த்து மூன்று வாரம் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் முந்தைய நாளின் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டு, அதே தூரத்தில், அதே வேகத்தில் ஆரம்பியுங்கள். நாற்காலிக் கால்களும் மைக் தாங்கியும் நிற்கும் இடத்தைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவைத்தால் தூரம் மாறாது. ஒரு சாண் தூரம் இரண்டு சாணாகிவிட்டால், கேட்பவருக்குக் கதைசொல்லி அறையைவிட்டுப் போனதுபோல் தெரியும்.

ஒப்பந்தத்தில் பாதித் தொகை முன்பணம் என்று கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்கு நூல் முடியும்போதெல்லாம் ஒரு தவணை என்றாவது எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாசிப்புப் பிழைகளை இலவசமாகத் திருத்துவீர்கள். நூலாசிரியர் பிறகு வாக்கியங்களை மாற்றினால் அது தனிக் கட்டணம் என்பதும் எழுத்தில் வரட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் 15 நிமிடத்தை மட்டும் முடித்து அனுப்பி, பதிப்பகத்தாரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அதில் முக்கியமான பாத்திரங்களின் பேச்சு இடம்பெறட்டும். முதல் அத்தியாயத்தில் அவர்கள் வராவிட்டால் வரும் இடத்திலிருந்து சில பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வேகம், உச்சரிப்பு, பாட்டிக்குக் குரலை மாற்றுவதா வேண்டாமா என்பதெல்லாம் அப்போதே தீர்ந்துவிடும். ஆறாவது மணி நேரத்தில் வந்து, கதாநாயகியின் குரல் நாங்கள் நினைத்ததுபோல் இல்லை என்று யாராவது சொன்னால், அந்தக் கடிதத்தைக் காட்டி, மறுபதிவுக்குக் கட்டணம் கேட்கலாம்.